தண்ணீரால் வரும் சேதம்: உங்கள் பாலிசியின் 7(இ) விலக்கு, எளிய நடையில்

உங்கள் வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியில் 7(இ) பிரிவு இப்படி இருக்கிறது. எல்லாமே ஒரே வாக்கியம்:

“ஈண்டு வேறு எது கூறப்பட்டிருப்பினும், (1) பாலிசிதாரர் அறிந்திருந்த அல்லது நியாயமான கவனத்தால் அறிந்திருக்கக்கூடிய, 14 நாட்களுக்கு மேற்பட்ட தொடர்ச்சியான அல்லது விட்டுவிட்டு நிகழும் கசிவு, (2) தேய்மானம், துரு, பூஞ்சை, குறைபாடுள்ள வேலைப்பாடு, (3) வெள்ளம், மேற்பரப்பு நீர், நிலத்தடி நீர், கழிவுநீர் எதிர்த்துப் பாய்தல், (4) 30 நாட்களுக்கு மேல் தொடர்ந்து ஆளில்லாத வளாகத்தில் நீர் வெளியேற்றம் ஆகியவற்றால் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளையும் இழப்பு, (3)-ஐப் பொறுத்தமட்டில் வேறு எக்காரணமும் உடனிகழ்வாகவோ எவ்வரிசையிலோ பங்களித்திருப்பினும், விலக்கப்படுகிறது, ஆயினும் (2)-இன் விளைவாகத் திடீரென வெளியேறும் நீரால் பிற சொத்துக்கு விளையும் சேதம் இவ்விலக்கில் அடங்காது.”

பிரீமியம் கட்டுகிற ஒருவர் இதை நிதானமாகப் படித்தாலும் தனக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று சொல்லிவிட முடியாது. அதனால் அதே உடன்பாட்டைக் கீழே திருப்பி எழுதியிருக்கிறோம். இதில் ‘நாங்கள்’ என்பது காப்பீட்டு நிறுவனம், ‘நீங்கள்’ என்பது பாலிசிதாரர். இந்த விளக்கமும் மூல வாசகமும் எங்கேனும் முரண்பட்டால், உங்களுக்குச் சாதகமான பொருளையே நாங்கள் ஏற்போம்.

நாள்பட்ட கசிவு

குழாய் திடீரென வெடித்து வீட்டுக்குள் தண்ணீர் கொட்டினால் அந்தச் சேதத்துக்குப் பணம் தருவோம். துணி துவைக்கும் இயந்திரத்தின் ரப்பர் குழாய் நடுவில் கிழிந்து தரையும் மரச்சாமான்களும் நனைந்தாலும் அப்படியே.

ஆனால் ஒரு கசிவு 14 நாட்களுக்கு மேல் நீடித்து, அது உங்களுக்குத் தெரிந்தோ தெரிந்திருக்கக்கூடியதாகவோ இருந்தும் சரிசெய்யாமல் விட்டிருந்தால், அதனால் வந்த சேதத்துக்குப் பணம் தர மாட்டோம். கசிவு ஒரே சீராக ஒழுகியிருக்க வேண்டும் என்பதில்லை. குளிக்கும்போது மட்டும் சொட்டி, பிறகு நின்றுவிடுகிற கசிவும் இதில் சேரும்.

மூல வாக்கியத்தில் உள்ள “அறிந்திருக்கக்கூடிய” என்ற சொல்லைக் கவனியுங்கள். கோரிக்கைகளில் சச்சரவு எழுவதற்கு இடம் தரும் சொல் இதுதான். நீங்கள் சுவரை உடைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. சாதாரணமாகக் குடியிருப்பவர் கண்ணில் படுகிற அடையாளங்களையே கணக்கில் எடுப்போம்: சுவரின் அடிப்பகுதியில் பெயின்ட் கொப்பளித்து நிற்பது, வெள்ளையாக உப்புப் பூப்பது, கூரையில் பழுப்பு வளையம் படர்வது, அலமாரியைத் திறந்தால் விலகாத ஈர வாடை. சுவருக்குள் புதைந்த இணைப்பில் மாதக்கணக்கில் கசிந்தும் வெளியே ஒன்றுமே தெரியவில்லை என்றால், இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. 14 நாட்கள் எண்ணப்படுவது முதல் அடையாளம் தெரிந்த நாளிலிருந்துதான்.

சேதத்தை மதிப்பிட எங்கள் சர்வேயர் வந்தால் இதைத்தான் பார்ப்பார். ஒரே இரவில் நனைந்த மரம் ஈரமாக இருக்கும், உப்பியும் இருக்கலாம். நாள்பட நனைந்த மரம் உளுத்து, அழுத்தினால் விரல் உள்ளே போகும். கூரைக் கறையில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையங்கள் இருந்தால், அந்த இடம் நனைந்து காய்ந்து மறுபடி நனைந்திருக்கிறது என்று பொருள். ஆனால் பழைய கறை ஒன்று இருப்பதாலேயே கோரிக்கை முழுவதையும் தள்ளிவிட மாட்டோம். பழைய சேதத்தையும் புதிய சேதத்தையும் பிரித்துக் கணக்கிட முடிந்தால், புதியதற்குப் பணம் உண்டு.

பழைய குழாயும் அதிலிருந்து வந்த தண்ணீரும்

துருப்பிடித்த குழாய், தேய்ந்த வால்வு, ஒப்பந்தக்காரர் சரியாகப் பூசாமல் விட்ட குளியலறைத் தரை: இவற்றைச் சரிசெய்யும் செலவு உங்களுடையது. காலத்தால் எந்தப் பொருளும் தேயும்; வரும் என்று முன்பே தெரிந்த செலவைக் காப்பீடு ஏற்பதில்லை. மெல்ல மெல்லப் படரும் பூஞ்சையும் அப்படித்தான்.

இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிட்டு, “குழாய் பழையது, அதனால் பணம் வராது” என்று கோரிக்கை அனுப்பாமலே விட்டுவிடாதீர்கள். மூல வாக்கியத்தின் கடைசியில் ‘ஆயினும்’ என்று தொடங்கும் பகுதி உங்களுக்காக இருக்கிறது. துருப்பிடித்த குழாய் ஒரு நாள் திடீரென உடைந்து, தரையும் கட்டிலும் பீரோவும் நனைந்தால், அவற்றுக்கான சேதத்தை நாங்கள் தருவோம். குழாயின் விலை மட்டும்தான் எங்கள் கணக்கில் வராது.

வெளியிலிருந்து வரும் தண்ணீர்

நான்கு விலக்குகளில் மிகக் கடுமையானது இது. வெள்ளம், தெருவில் பெருகி வாசல் வழியாக உள்ளே வரும் மழைநீர், தரைக்கடியிலிருந்து ஊறி மேலே வரும் நீர், சாக்கடையிலிருந்து கழிவறை வழியாகத் திரும்பி மேலேறும் கழிவுநீர்: இவற்றால் வரும் சேதத்துக்கு இந்தப் பாலிசியில் பணம் இல்லை. இந்த வகைத் தண்ணீருடன் வேறொரு காரணம் சேர்ந்து ஒரே சேதத்தை உண்டாக்கினாலும் இல்லை. எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்பது இங்கே கணக்கில்லை.

புயலை எடுத்துக்கொள்வோம். காற்று கூரை ஓட்டைப் பெயர்த்து, அந்தத் திறப்பு வழியாக மழை கொட்டி மாடி அறை நனைந்தால் பணம் உண்டு. அதே புயலில் தெருவெள்ளம் புகுந்து கீழ்த்தளம் மூழ்கினால் அதற்குப் பணம் இல்லை. மாடி அறையின் சேதத்தை வெள்ளம் தொடவே இல்லை என்பதால் அது தனியாக நிற்கும். ஆனால் கூரையிலிருந்து வழிந்த மழையும் வாசல் வழியே வந்த வெள்ளமும் சேர்ந்து ஒரே சோபாவைக் கெடுத்திருந்தால், அந்தச் சோபாவுக்குப் பணம் வராது. இது உங்களுக்கு உறுத்தலாம், உறுத்துவது இயல்புதான். வெள்ளப் பாதுகாப்பு வேண்டுமென்றால் அதைத் தனி இணைப்பாக, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். தாழ்வான இடத்தில் வீடு இருப்பவர்கள் பாலிசியைப் புதுப்பிக்கும் முன் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் வீடு

தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் வீட்டில் யாரும் தங்கவில்லை என்றால், அதற்குப் பிறகு குழாய் உடைந்து வரும் சேதத்துக்குப் பணம் இல்லை. நடுவில் ஒருவர் வந்து இரவு தங்கினால் நாட்கள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணப்படும். எட்டிப் பார்த்துவிட்டுப் போவது தங்குவதாகாது. நீண்ட பயணம் என்றால் புறப்படும் முன் எங்களுக்கு எழுதுங்கள். முதன்மை வால்வை மூடிவிட்டுப் போகும் வீட்டுக்கு இந்த வரம்பைத் தளர்த்தி எழுத்தில் தருவோம்.

சேதம் நடந்துவிட்டால்

முதலில் வால்வை மூடுங்கள். மின்சாரம் தண்ணீரைத் தொடும் நிலை இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சேதம் பரவாமல் தடுக்க நீங்கள் செய்யும் நியாயமான செலவுக்கு ரசீது வைத்துக்கொள்ளுங்கள். பாலிசி ஏற்கும் சேதமானால் அதையும் தருவோம். துடைத்துச் சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுங்கள். உடைந்த குழாய்த் துண்டை எக்காரணம் கொண்டும் எறிந்துவிடாதீர்கள், பிளம்பர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அது திடீரென விண்டதா, நாளாக நாளாக அரித்ததா என்பதை அந்த விளிம்புதான் காட்டும். அது இல்லாவிட்டால் உங்கள் பக்க நியாயத்தை நிறுவுவது கடினமாகிவிடும்.

தண்ணீரால் சேதம் நடந்தது என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. அந்தச் சேதம் 7(இ) விலக்கில் விழுகிறது என்று நிறுவுவது எங்கள் பொறுப்பு. கோரிக்கையை மறுத்தால், மேலே உள்ள நான்கில் எது, எந்த ஆதாரத்தின் பேரில் என்று எழுத்தில் சொல்வோம்; சர்வேயர் அறிக்கையின் நகலும் உங்களுக்கு வரும். “7(இ)-இன்படி நிராகரிக்கப்பட்டது” என்று ஒரு வரியில் கடிதம் வந்தால் அதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முழுக் காரணத்தைக் கேட்டுத் திருப்பி எழுதுங்கள்.