கவுனி அரிசி ஐஸ்கிரீம் வந்துவிட்டது!

படத்தில் இடது ஓரத்தில், கத்தரிப்பூ நிறத்தில் இருப்பதைப் பாருங்கள். அந்த நிறத்துக்காக ஒரு சொட்டுச் சாயம் கூடச் சேர்க்கவில்லை. கவுனி அரிசியை இரவு முழுவதும் ஊற வைத்தால் தண்ணீரே ஊதாவாக மாறிவிடும். அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டாமல் அதிலேயே அரிசியை வேக வைக்கிறோம். அங்கங்கே கறுப்பாகத் தெரிபவை முழு அரிசிப் பருக்கைகள்.

நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் காலைப் பலகாரத்தோடு இலையில் வைக்கும் கவுனி அரிசிதான் இது. அப்பத்தா கிண்டும்போது தேங்காய்ப்பூவும் நெய்யும் ஏலக்காயும் சேரும் அந்த மணத்தை ஐஸ்கிரீமில் கொண்டுவர வேண்டும் என்று மூன்று வருடமாக ஆசைப்பட்டோம். முதலில் வெந்த அரிசியை அப்படியே பாலில் கலந்து உறைய வைத்தோம். மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பருக்கையும் சரளைக்கல் மாதிரி பல்லில் தட்டுப்பட்டது. அரிசிக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து கட்டியாகிவிடுகிறது. குழைய வேக வைத்துப் பார்த்தோம், அப்போது அரிசி இருப்பதே தெரியவில்லை. கடைசியில் வழி கிடைத்தது. வெந்த அரிசியைச் சர்க்கரைப் பாகில் போட்டு, மிக மெல்லிய தீயில் வைத்து, இனிப்பு உள்ளே இறங்கும் வரை விட வேண்டும். அப்படிச் செய்த பருக்கை உறைநிலையிலும் கல்லாகாது, மெல்லென்று கடிபடும். பாலோடு சேர்ப்பது தேங்காய்ப்பால், மேலே வறுத்த தேங்காய்த் துருவல். போன வாரம் அப்பத்தாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தோம். சாப்பிட்டு முடித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் வை" என்றார்கள். அதற்குப் பிறகுதான் இந்தப் படத்தையே எடுத்தோம்.

நடுவில் இருப்பது கும்மாயம். ஆடியில் செய்யும் இனிப்புதான், ஆனால் ஆடி மாதம் வரைக்கும் காத்திருக்க எங்களுக்குப் பொறுமையில்லை. உளுந்தையும் பாசிப்பருப்பையும் தனித்தனியாகச் சிவக்க வறுத்து அரைத்த மாவு, கருப்பட்டி, பால். கருப்பட்டிப் பாகை நன்றாக ஆற விட்டு, வடிகட்டிய பிறகுதான் பாலில் சேர்க்கிறோம்; சூட்டோடு ஊற்றினால் பால் திரிந்துவிடும். நெய் மணத்துக்கு மட்டும்தான், ஏனென்றால் குளிரில் அது மெழுகாக நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஒரு வார்த்தை: கருப்பட்டியும் இனிப்புதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத் தனிச் சலுகையாக எண்ணிவிட வேண்டாம்.

வலது ஓரத்தில், பனையோலைக் கிண்ணத்தில் வெள்ளையாக இருப்பது இளநீர் நுங்கு. இதில் பால் கிடையாது. நுங்கை உறைய வைத்தால் வெறும் பனிக்கட்டியாகிவிடும் என்பதால், உறைந்த இளநீரின் மேல் அப்போது சீவிய பிஞ்சு நுங்கை நறுக்கிப் போட்டுத் தருகிறோம். நுங்கு அன்றன்று காலையில் வருவது, தீர்ந்துவிட்டால் மறுநாள்தான். மதிய வெயிலில் வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் நீட்டுவது இதைத்தான்.

மூன்றுக்கும் கீழே தெரிகிற சிவப்பும் பச்சையும் கலந்த பூக்கல் ஆத்தங்குடியில் கையால் வார்த்தது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி எடுப்பதால் வரும் பளபளப்பு அது. எங்கள் வீட்டு முகப்பிலிருந்து மிஞ்சிய ஒரு கல் இது. படத்துக்கு இதைவிடப் பொருத்தமான தட்டு எங்களுக்குத் தோன்றவில்லை.

சித்திரை முதல் நாள், ஏப்ரல் 14, மாலை 4 மணிக்குத் தொடங்குகிறோம். இடம் காரைக்குடி செக்காலை சாலையில் உள்ள நம் கடை. அதன் பிறகு தினமும் காலை 11 மணி முதல் இரவு 10 மணி வரை. கவுனி 80 ரூபாய், கும்மாயம் 70, இளநீர் நுங்கு 60. மூன்றையும் ருசி பார்க்க நினைப்பவர்களுக்குச் சின்னக் கரண்டியில் மூன்றும் சேர்த்து 120 ரூபாய். கவுனியிலும் கும்மாயத்திலும் பாலும் நெய்யும் உண்டு. மூன்றிலும் முந்திரி, பாதாம் எதுவும் இல்லை.

வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் மூடியுள்ள பாத்திரம் கொண்டு வந்தால் நல்லது. கவுனியை ஒரு நாளைக்கு நாற்பது கிண்ணத்துக்கு மேல் எங்களால் செய்ய முடியாது. கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் முந்தின நாளே சொல்லி வைத்தால் எடுத்து வைக்கிறோம். கல்யாண வீடுகளுக்கு வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்னதாகக் கடைக்கு வந்து பேசுங்கள்.

உங்கள் வீட்டில் கவுனிக்குத் தேங்காய்ப்பூவா, தேங்காய்ப்பாலா? கீழே எழுதுங்கள்.

#காரைக்குடி #செட்டிநாடு #கவுனிஅரிசி #கும்மாயம் #நுங்கு