வாரண்டி காலத்துக்குள் மறுபடியும் பழுதான கம்ப்ரசர்: ஹெட்டை இலவசமாக மாற்றித் தரக் கோரிக்கை

2025 டிசம்பர் 8

பெறுநர்:
மேலாளர், வாரண்டிப் பிரிவு

அனுப்புநர்:
முருகேசன்
உரிமையாளர், வாகனப் பழுதுபார்ப்புப் பட்டறை

பொருள்: இரண்டு கட்ட ஏர் கம்ப்ரசர், 7.5 எச்.பி., 250 லிட்டர் தொட்டி. வரிசை எண் 2407-31586. பில் எண் 4471, நாள் 2024 செப்டம்பர் 18.

ஐயா / அம்மா,

மேலே சொன்ன கம்ப்ரசரின் ஹை பிரஷர் சிலிண்டர் ஹெட்டையும் அதன் வால்வு தொகுதியையும் வாரண்டியின் கீழ் கட்டணமில்லாமல் மாற்றித் தரும்படி கேட்டு எழுதுகிறேன். நவம்பர் 27 அன்று உங்கள் சர்வீஸ் பிரிவு அனுப்பிய மின்னஞ்சலில், உடைந்தது தேய்மானப் பொருள் என்பதால் பணம் கட்ட வேண்டும் என்று சொல்லி மதிப்பீடும் இணைத்திருந்தார்கள். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதை உங்கள் டெக்னீஷியனே எழுதிக் கொடுத்த காகிதங்களை வைத்துச் சொல்கிறேன்.

இயந்திரத்தை உங்கள் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் புதிதாக வாங்கினேன். 2024 செப்டம்பர் 24 அன்று உங்கள் ஆள் வந்து பொருத்தி ஓட்டிக் காட்டினார். வாரண்டி அட்டைப்படி பம்புக்கு வாங்கிய நாளிலிருந்து 24 மாதம், அதாவது 2026 செப்டம்பர் 17 வரை. பொருத்திய அன்று அவர் எழுதிய ரிப்போர்ட்டில் மூன்று விவரங்கள் இருக்கின்றன: காலித் தொட்டி 10 பார் வரை நிரம்ப 4 நிமிடம் 20 விநாடி, இரண்டு கட்டங்களுக்கும் நடுவிலுள்ள அழுத்தம் 2.3 பார், மோட்டார் கரண்ட் சரி.

முதல் பழுது 2025 மே மாதம் வந்தது. தொட்டி நிரம்ப நேரமானது, இன்டர்கூலரில் உள்ள சேஃப்டி வால்வு அடிக்கடி திறந்து காற்றை வெளியே விட்டது. மே 22 அன்று உங்கள் டெக்னீஷியன் ஹெட்டைத் திறந்து, ஹை பிரஷர் பக்கத்தின் உறிஞ்சு வால்வு தகடு விரிசல் விட்டிருப்பதைக் காட்டி, வாரண்டியிலேயே புதிய தகடு போட்டுக் கொடுத்தார். சர்வீஸ் ரிப்போர்ட் எண் 20936. அன்றைக்கு யாரும் அதைத் தேய்மானப் பொருள் என்று சொல்லவில்லை.

நவம்பரில் அதே அறிகுறிகள் திரும்ப வந்தன. இப்போது 8 பாரைத் தொடவே 11 நிமிடத்துக்கு மேல் ஆகிறது, அதற்கு மேல் முள் ஏறுவதில்லை. நடு அழுத்தம் 4 பாரைத் தாண்டிப் போய் சேஃப்டி வால்வு திறக்கிறது. இதன் பொருள் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 10 பாருக்கு ஓடும் இரண்டு கட்ட பம்பில் நடு அழுத்தம் இரண்டரை பாருக்குள் இருக்க வேண்டும். அது ஏறுகிறது என்றால், இரண்டாவது சிலிண்டர் அழுத்தும் காற்று உறிஞ்சு வால்வு வழியாக இன்டர்கூலருக்கே திரும்பிப் போகிறது.

நவம்பர் 19 அன்று வந்த உங்கள் டெக்னீஷியன் ஹெட்டைத் திறந்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். மே மாதம் போட்ட தகடு, பழைய தகடு உடைந்த அதே மூலையில் உடைந்திருந்தது. அப்புறம் அவர் வால்வு உட்காரும் பரப்பின் மேல் நேர்கோலை வைத்து, ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தார். அந்த மூலையில் மட்டும் 0.10 மி.மீ. தகடு தாராளமாகப் போனது. ரிப்போர்ட் எண் 23518-இல் ‘வால்வு சீட் சமமாக இல்லை, ஹெட் மாற்றப் பரிந்துரை’ என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

என் கோரிக்கைக்கு ஆதாரமே இந்த வரிதான். சீட் சமமாக இல்லாவிட்டால், தகடு ஒவ்வொரு முறை மூடும்போதும் அந்த மூலை வளைந்து வளைந்து உலோகம் சோர்ந்து போகும். எத்தனை புதிய தகடு போட்டாலும் அங்கேதான் உடையும். உடைந்த தகடு இந்தக் குறையின் விளைவு. குறை ஹெட்டில் இருக்கிறது. வாரண்டி அட்டையின் 4ஆம் பிரிவு விலக்கு கொடுத்திருப்பது ஏர் ஃபில்டர், பெல்ட், ஆயில், கேஸ்கெட் ஆகியவற்றுக்கு மட்டும். வால்வு தகடும் அந்தப் பட்டியலில் இல்லை, சிலிண்டர் ஹெட்டும் இல்லை.

பராமரிப்பில் குறை இருக்குமோ என்ற கேள்வி வரலாம், நியாயம்தான். மணிக் கணக்கு மீட்டர் 1,140 மணி நேரம் காட்டுகிறது. முதல் ஆயில் மாற்றமும், அதன் பின் 500 மணி நேரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியதும் கையேட்டில் சொன்ன தர ஆயிலைக் கொண்டே செய்யப்பட்டன. ஆயில் பில்களையும் பதிவேட்டுப் பக்கங்களையும் இணைத்திருக்கிறேன். ஃபில்டர் வாராவாரம் சுத்தம் செய்யப்படுகிறது. பெல்ட் இழுவை சரி, மின்னழுத்தம் சரி என்று 23518-இல் உங்கள் ஆளே குறித்திருக்கிறார். தொட்டியின் வெளி வால்வை மூடி மோட்டாரை நிறுத்தி வைத்தால் முள் இறங்காமல் நிற்கிறது, ஆகவே தொட்டியிலோ நான்-ரிட்டர்ன் வால்விலோ கசிவு இல்லை. ஹெட் போல்ட்டுகளை உங்கள் டெக்னீஷியனைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை.

நவம்பர் 19 முதல் இயந்திரத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். கசியும் வால்வு வழியாகச் சூடான காற்று திரும்பத் திரும்ப அழுத்தப்படும்போது வெப்பம் ஏறி, ஆயில் கரியாகிக் குழாயில் படியும். அது தீப்பிடிக்கக் கூடியது. என் ஆட்கள் பக்கத்தில் நின்று வேலை செய்யும் இடத்தில் அப்படி ஒன்றை ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. இதனால் பெயிண்ட் வேலையும் இம்பாக்ட் ரெஞ்ச் வேலையும் வாடகை கம்ப்ரசரை நம்பி நடக்கின்றன.

நான் கேட்பது இதுதான். ஹை பிரஷர் ஹெட்டையும் வால்வு தொகுதியையும் முழுமையாக மாற்றுங்கள்; ஹெட் தனியாகக் கிடைக்காவிட்டால் பம்பையே மாற்றுங்கள். உதிரிபாகம், கூலி, போக்குவரத்து எதற்கும் கட்டணம் கூடாது. மாற்றிய பின் தொட்டி நிரம்பும் நேரத்தையும் நடு அழுத்தத்தையும் என் முன்னால் அளந்து, பொருத்திய நாள் அளவுகளோடு ஒப்பிட்டு ரிப்போர்ட்டில் எழுதித் தர வேண்டும். இயந்திரம் நின்று கிடந்த காலத்தை வாரண்டியோடு சேர்த்து நீட்டித்தும் தாருங்கள். இன்னொரு முறை தகடு மட்டும் மாற்றிவிட்டுப் போவதை நான் ஏற்க மாட்டேன்.

டெக்னீஷியன் வரும் தேதியை டிசம்பர் 22-க்குள் எழுத்தில் தெரிவியுங்கள். மறுப்பதானால், வாரண்டியின் எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறீர்கள், 23518-இல் உள்ள பரிந்துரையை எந்தத் தொழில்நுட்பக் காரணத்தால் ஒதுக்குகிறீர்கள் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். அந்தப் பதிலோடு நுகர்வோர் குறைதீர்ப்பு வழியை நாடுவேன். அது வரை போகாமல் முடியும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் மே மாதமும் சரி, நவம்பரிலும் சரி, வந்த உங்கள் ஆட்கள் நேர்மையாகவே வேலை பார்த்தார்கள்.

உடைந்த தகடுகள் இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆய்வுக்கு வேண்டுமென்றால் ரசீது கொடுத்துவிட்டு எடுத்துச் செல்லலாம். பட்டறை திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும். வாரண்டிப் பதிவில் உள்ள கைபேசி எண்ணே இப்போதும் என் எண்.

இப்படிக்கு,
முருகேசன்

இணைப்பு: பில் 4471-இன் நகல், முத்திரையிட்ட வாரண்டி அட்டை, பொருத்திய நாள் ரிப்போர்ட், சர்வீஸ் ரிப்போர்ட்டுகள் 20936, 23518, ஆயில் பில்களும் பராமரிப்புப் பதிவேட்டுப் பக்கங்களும், பெயர்த்தகடு, மணி மீட்டர், உடைந்த தகடுகள், ஃபீலர் கேஜ் அளவு ஆகியவற்றின் படங்கள், உங்கள் நவம்பர் 27 மின்னஞ்சலும் மதிப்பீடும்.