தானாக எரியும் தெருவிளக்கு: அறிவியல் கண்காட்சி உரை

எல்லோருக்கும் வணக்கம். நடுவர்களே, பெற்றோர்களே, கொஞ்சம் கிட்டே வாருங்கள், ஃபேன் சத்தத்தில் பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காது. நாங்கள் இரண்டு பேரும் பத்தாம் வகுப்பு, மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறோம்.

எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டி மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்தான் தெருவிளக்கையும் போட்டு அணைக்கிறார். நடவு நேரத்தில் அவருக்கும் வயலில் வேலை இருக்கும், அதனால் சில நாள் நன்றாக வெயில் ஏறிய பிறகும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். 40 வாட் விளக்குகள் இருபது, தினமும் இரண்டு மணி நேரம் சும்மா எரிந்தால் 30 நாளில் 48 யூனிட். அப்படியானால் ஒரு டைமர் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். நம் பக்கம் ஜூலையில் ஆறே முக்காலை ஒட்டி மறையும் சூரியன், நவம்பரில் ஆறு மணிக்கு முன்னாலேயே மறைந்துவிடுகிறது. அதுகூடப் பரவாயில்லை, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நாலரை மணிக்கே இருட்டிக்கொண்டு வருமே, அது டைமருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் வெளிச்சத்தையே பார்க்கச் சொல்லிவிட்டோம்.

இதோ, மேலே பாம்பு மாதிரி வளைந்த கோடு போட்ட இந்தச் சின்ன வட்டம்தான் எல்டிஆர். வெளிச்சம் பட்டால் இதன் மின்தடை குறையும், இருட்டினால் கூடும். நல்ல வெளிச்சத்தில் ஒரு கிலோ ஓம் அளவில் இருப்பது, இருட்டில் நூறு கிலோ ஓமையும் தாண்டிவிடும். 12 வோல்ட்டிலிருந்து ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதற்குக் கீழே எல்டிஆர், அதன் மறுமுனை கிரவுண்ட். இரண்டும் சேரும் இடத்தில் பகலில் சுமார் 1 வோல்ட், இருட்டில் சுமார் 11 வோல்ட். மீட்டர் இங்கேயே இருக்கிறது, நீங்களே வைத்துப் பாருங்கள்.

அந்த வோல்ட்டைப் பார்த்து முடிவெடுப்பது எல்எம்358 ஐசி. அதை கம்பாரேட்டராகப் பயன்படுத்தியிருக்கிறோம். மூன்றாவது காலில் எல்டிஆரின் வோல்ட், இரண்டாவது காலில் இந்தத் திருகு ரெசிஸ்டரால் நாங்கள் வைத்த 6 வோல்ட். வாய்க்கால் மதகில் அளவுக்கோட்டைப் பார்த்து ஷட்டர் தூக்கும் லஸ்கர் மாதிரிதான் இது: கோட்டைத் தாண்டியதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி, எவ்வளவு தாண்டியது என்பது அதற்குத் தேவையே இல்லை. தாண்டினால் முதல் காலில் வோல்ட் வரும், பிசி547 டிரான்சிஸ்டர் ரிலேயை இழுக்கும், விளக்கு எரியும். ரிலே சுருளுக்குக் குறுக்கே டயோடு இருக்கிறது, இல்லாவிட்டால் ரிலே விடும்போது எழும்பும் உயர் வோல்ட் டிரான்சிஸ்டரைத் தின்றுவிடும்.

இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருப்பதுதான். உண்மையான தொல்லை அந்தி நேரத்தில்தான் வரும். வெளிச்சம் மெல்லக் குறைந்து சரியாக 6 வோல்ட்டுக்கு வந்து நிற்கும்போது ஒரு மேகம் நகர்ந்தாலே போதும், ரிலே டக்டக்கென்று அடித்துக்கொண்டு விளக்கு சிமிட்டும். அதற்குத்தான் முதல் காலிலிருந்து மூன்றாவது காலுக்கு இந்த 100 கிலோ ஓம் ரெசிஸ்டர். இது வந்த பிறகு எரியும் அளவும் அணையும் அளவும் சுமார் அரை வோல்ட் தள்ளிப்போய்விடும், நடுவில் ஊசலாட வழியில்லை. பெயர் ஹிஸ்டெரிசிஸ், பரீட்சையில் எழுதத்தான் கஷ்டம். இன்னொன்று, தன் விளக்கின் வெளிச்சமே எல்டிஆரில் பட்டால், விடிந்துவிட்டது என்று நினைத்து அணைத்துவிடும், அணைந்ததும் இருட்டு என்று மறுபடி போடும். அதனால் எல்டிஆரைக் கம்பத்தின் உச்சியில் வானத்தைப் பார்த்து வைத்து, சுற்றிலும் கருப்புக் குழாய் மாட்டியிருக்கிறோம்.

எல்டிஆரை ஏன் கீழ்ப்பக்கம் போட்டோம் என்றால், அதன் ஒயர் அறுந்தால் மின்தடை முடிவில்லாமல் போய், சுற்று அதை இருட்டு என்றே எடுத்துக்கொள்ளும், விளக்கு எரிந்தபடியே இருக்கும். அறுவடைத் தூசியும் பூச்சியும் ஒட்டி மூடினாலும் அதே கதைதான், சீக்கிரமே எரியும். கரண்ட் கொஞ்சம் வீணாகும், சரி. ஆனால் வாய்க்கால் ஓரத்துப் பாதை இருட்டாகக் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல் என்பது எங்கள் எண்ணம், நடுவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் வாதாடத் தயார்.

இந்த மாதிரியில் எரிவது 12 வோல்ட் எல்இடிதான், 230 வோல்ட் மேசைக்குக் கீழே உள்ள அடாப்டரோடு நின்றுவிடுகிறது, பயப்படாமல் தொடலாம். தம்பி, நீ வா, அந்தக் கருப்புக் குழாயின் வாயைக் கையால் மெதுவாக மூடு. அப்புறம் கையை எடுத்துவிட்டு அக்காவின் செல்போன் டார்ச்சை அதில் அடி. மீட்டரில் எத்தனை வோல்ட்டில் எரிகிறது, எத்தனையில் அணைகிறது என்று சத்தமாகச் சொல்.