படத்தில் வந்த நெட்வேர்க் தாள்: வினாக்களும் விடைகளும்

பிள்ளைகள், அக்கரைப்பற்றுத் தங்கச்சி அனுப்பின படத்தில் இருக்கும் மாதிரி வினாத்தாளை இங்கே தட்டெழுதித் தருகிறேன். ஃபேன் காற்றில் தாள் பறக்காமல் இருக்க விரலால் அமத்திப் பிடித்து எடுத்திருக்கிறா. அதனால் 3ஆம் வினாவில் இலக்கங்கள் இரண்டு மறைந்து போயின, 5ஆம் வினாவின் ஓரமும் படத்துக்கு வெளியே போய்விட்டது. வேறு படம் கேட்க வேண்டிய தேவை இல்லை. மறைந்த இலக்கம் என்னவாக இருக்கலாம் என்பதை சப்நெட் கணக்கே சொல்லித் தரும். கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

வினா 1. பின்வரும் ஐபி முகவரிகள் ஒவ்வொன்றும் எவ்வகுப்பைச் சேர்ந்தது என இனங்காண்க. இவற்றுள் ஒரு கணினிக்கு வழங்க முடியாத முகவரிகளைக் குறிப்பிடுக.
126.8.0.14, 191.255.3.1, 223.0.0.9, 239.1.1.1, 127.0.0.1

வினா எழுதியவர் கெட்டிக்காரர். முதல் நான்கும் அந்தந்த வகுப்பின் விளிம்பில் நிற்கும் எண்கள். "ஏ 126 வரை, பி 191 வரை" என்று பாடமாக்கினால் சோதனை மண்டபத்தில் 191ஆ 192ஆ என்று தடுமாறுவீர்கள். முதல் ஒக்டெட்டைத் துவிதத்தில் எழுதி முன் பிட்டுகளைப் பாருங்கள்:

```
126 = 01111110   0...   A
191 = 10111111   10..   B
223 = 11011111   110.   C
239 = 11101111   1110   D
```

முதல் பூச்சியம் எத்தனையாம் இடத்தில் வருகிறது என்பதே வகுப்பு. முதல் இடத்திலேயே வந்தால் ஏ, இரண்டாம் இடம் பி, மூன்றாம் இடம் சி, நான்காம் இடம் டி. முதல் நான்கு பிட்டும் ஒன்றாக இருந்தால் ஈ. 1981இல் வந்த ஆர்எப்சி 791 என்ற இணைய நெறிமுறை ஆவணம் ஏ, பி, சி மூன்றையும் இப்படித்தான் வகுத்தது. டி வகுப்பு மல்ட்டிகாஸ்டுக்கு, ஈ வகுப்பு ஆய்வுக்கு என்பது பிறகு வந்தது.

127.0.0.1 பூச்சியத்தில் தொடங்குவதால் எண்ணளவில் ஏ வகுப்பு எல்லைக்குள் விழுகிறது. ஆனால் 127 முழுவதும் லூப்பேக்குக்கு ஒதுக்கப்பட்டது. கணினி தன்னோடு தானே பேசிப் பார்க்கும் முகவரி அது. ஆகவே வழங்க முடியாதவை 127.0.0.1, 239.1.1.1 ஆகிய இரண்டும். "127 எந்த வகுப்பும் இல்லை" என்று மட்டும் எழுதி விடாமல் காரணத்தையும் எழுதுங்கள். புள்ளி காரணத்துக்குத்தான்.

வினா 2. (அ) பி வகுப்பின் இயல்பான சப்நெட் மாஸ்க்கையும், அதன் ஒரு வலையமைப்பில் இருக்கக்கூடிய ஹோஸ்ட்டுகளின் எண்ணிக்கையையும் தருக. (ஆ) ஒரு கணினியின் முகவரி 10.5.3.8, மாஸ்க் 255.255.255.0 ஆகும். இது சி வகுப்பு முகவரி என ஒரு மாணவன் கூறுகிறான். நீர் உடன்படுகிறீரா?

(அ) 255.255.0.0; 2^16 − 2 = 65,534. கழித்த இரண்டும் வலையமைப்பு முகவரியும் புரோட்காஸ்ட் முகவரியும். இதில் நிற்க வேண்டாம்.

(ஆ)தான் இந்தத் தாளிலேயே முக்கியமான வினா. உடன்பட முடியாது. 10 = 00001010, பூச்சியத்தில் தொடங்குகிறது, ஏ வகுப்பு. மாஸ்க் 255.255.255.0 என்று கண்டதும் "சி" என்று எழுதுவது நம் வகுப்பிலேயே பாதிப் பேருக்கு உள்ள பழக்கம். வகுப்பு முதல் ஒக்டெட்டில் பிறக்கும்போதே எழுதப்பட்டது, மாஸ்க் நிர்வாகி பிறகு போடுவது. வட்டைக்குள் வரம்பை எங்கே வெட்டினாலும் வட்டையின் பெயர் மாறாதல்லவா, அதுபோலத்தான். 10.5.3.8 ஓர் ஏ வகுப்பு முகவரி. அதில் 8 பிட் வலையமைப்பு, கூடுதலாக 16 பிட் சப்நெட்டுக்கு எடுக்கப்பட்டிருக்கிறது, மிச்சம் 8 பிட் ஹோஸ்ட்டுக்கு. இப்படி எழுதினால் திருத்துபவர் மறுபேச்சின்றிப் புள்ளி போடுவார்.

வினா 3. ஒரு கணினியின் ஐபி முகவரி 192.168.10.7▮, சப்நெட் மாஸ்க் 255.255.255.2▮0. அச்சப்நெட்டின் புரோட்காஸ்ட் முகவரி 192.168.10.79 ஆகும். அச்சப்நெட்டில் ஹோஸ்ட்டுகளுக்கு வழங்கக்கூடிய முகவரிகள் எத்தனை?
(1) 6 (2) 14 (3) 16 (4) 30 (5) 62

கறுப்புக் கட்டம் இரண்டும் தங்கச்சியின் விரல். முதலில் மாஸ்க்கைப் பாருங்கள். மாஸ்க்கில் ஒன்றுகள் இடப்பக்கம் தொடர்ந்து வர வேண்டும், இடையில் பூச்சியம் புகக் கூடாது. எனவே ஓர் ஒக்டெட்டில் வரக்கூடியவை 0, 128, 192, 224, 240, 248, 252, 254, 255 இவ்வளவுதான். இவற்றில் இரண்டில் தொடங்கிப் பூச்சியத்தில் முடிவது 240 ஒன்றே. விரலுக்கடியில் 4 இருக்கிறது, வேறெதுவும் இருக்க முடியாது.

240 என்றால் கட்டத்தின் அளவு 256 − 240 = 16. சப்நெட்டுகள் 0, 16, 32, 48, 64, 80 என்று நடக்கும். 64இல் தொடங்குவது 79இல் முடியும். வினாவில் கொடுத்த புரோட்காஸ்ட்டும் 79. ஆகவே ஹோஸ்ட்டுகள் 65 முதல் 78 வரை, விடை (2) 14. (3) 16 என்பது இரண்டைக் கழிக்க மறந்தவருக்கு வைத்த பொறி.

கணினியின் முகவரியில் மறைந்த கடைசி இலக்கத்தை நான் தேடவே இல்லை. 70 முதல் 78 வரை எதுவாக இருந்தாலும் அதே சப்நெட்தான். 79 மட்டும் ஆகாது, அது புரோட்காஸ்ட்.

வினா 4. 172.20.9.200 எனும் முகவரிக்கு மாஸ்க் 255.255.248.0 வழங்கப்பட்டுள்ளது. (அ) சப்நெட் முகவரியையும் புரோட்காஸ்ட் முகவரியையும் காண்க. உமது செய்கையைக் காட்டுக. (ஆ) 172.20.0.0 முழுவதும் இதே மாஸ்க்கினால் பிரிக்கப்படின் எத்தனை சப்நெட்டுகள் கிடைக்கும்?

முதல் இரண்டு ஒக்டெட்டும் 255, அவை அப்படியே இறங்கும். கடைசி 0, அது பூச்சியமாகும். வேலை மூன்றாவதில் மட்டும்:

```
  9 = 00001001
248 = 11111000
AND = 00001000 = 8
```

சப்நெட் முகவரி 172.20.8.0. கட்டத்தின் அளவு 8, அடுத்த சப்நெட் 172.20.16.0. அதற்கு ஒன்று முன்னால் 172.20.15.255, அதுதான் புரோட்காஸ்ட். ஹோஸ்ட் பிட்டுகள் 11, ஆகவே 2,046 ஹோஸ்ட்டுகள். ஒரு விசயம் கவனியுங்கள்: 172.20.9.255, 172.20.10.0 இரண்டும் இங்கே சாதாரணக் கணினிக்குக் கொடுக்கக்கூடிய முகவரிகள். 255இல் முடிவதெல்லாம் புரோட்காஸ்ட், 0இல் முடிவதெல்லாம் வலையமைப்பு என்ற எண்ணம் 255.255.255.0 மாஸ்க்கையே பார்த்துப் பார்த்து வந்தது.

(ஆ) பி வகுப்புக்கு மேலதிகமாக எடுத்த பிட்டுகள் 5, 2^5 = 32. அண்ணன், அக்காமாரின் பழைய குறிப்புகளில் 30 என்று இருக்கும். அவர்கள் பிழையாகப் படிக்கவில்லை. 1985இல் வந்த ஆர்எப்சி 950 எல்லாம் பூச்சியமான சப்நெட்டையும் எல்லாம் ஒன்றான சப்நெட்டையும் ஒதுக்கி வைக்கச் சொன்னது. அந்த வழக்கம் காலாவதியாகி விட்டதென 1995இல் ஆர்எப்சி 1878 எழுதியது. ஹோஸ்ட்டில் இரண்டைக் கழிப்பது மட்டும் இன்றும் உண்டு. வினாவில் வேறு ஒன்றும் சொல்லாவிட்டால் 32 என்று எழுதுங்கள்.

வினா 5. ஒரு நிறுவனத்துக்கு 192.168.40.0/24 வழங்கப்பட்டுள்ளது. மட்டக்களப்புத் தலைமையகத்தில் 100 கணினிகளும், கல்முனைக் கிளையில் 50 கணினிகளும், அக்கரைப்பற்றில் 20 கணினிகளும், அம்பாறையில் 1▮ கணினிகளும் உள்ளன. தலைமையகத்திலிருந்து மூன்று கிளைகளுக்கும் தனித்தனி ரவுட்டர் இணைப்புகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சப்நெட் ஒதுக்கி மாஸ்க்கையும் தருக.

பெரியதிலிருந்து தொடங்குங்கள். இது அழகுக்கான விதி இல்லை. ஒரு கட்டம் தன் அளவின் மடங்கில்தான் தொடங்க முடியும். அக்கரைப்பற்றுக்கு முதலில் 0 முதல் 31 வரை கொடுத்தால், 128 அளவுள்ள மட்டக்களப்பை 32இல் தொடங்க முடியாது, 128இல்தான் வைக்கலாம். இடையில் 96 முகவரி தொங்கும்.

```
மட்டக்களப்பு    192.168.40.0/25     255.255.255.128
கல்முனை         192.168.40.128/26   255.255.255.192
அக்கரைப்பற்று   192.168.40.192/27   255.255.255.224
அம்பாறை         192.168.40.224/28   255.255.255.240
இணைப்பு 1       192.168.40.240/30   255.255.255.252
இணைப்பு 2       192.168.40.244/30   255.255.255.252
இணைப்பு 3       192.168.40.248/30   255.255.255.252
```

252 முதல் 255 வரை மிச்சம்.

அம்பாறைக்கு /28 என்று எப்படித் துணிந்தேன்? முதல் மூன்று இடமும் 128 + 64 + 32 = 224ஐ எடுத்து விடுகின்றன. மிச்சம் 32. இணைப்புகளுக்கு 12 வேண்டும். அம்பாறைக்கு 32 முழுவதையும் கொடுத்தால் இணைப்புக்கு இடமில்லை, ஆகவே அதற்கு 16தான். அதில் ஹோஸ்ட்டுகள் 14, ஒன்று ரவுட்டருக்குப் போனால் கணினிகள் 13. வெட்டுப்பட்ட எண் 10, 11, 12, 13 இவற்றில் ஒன்று. எதுவானாலும் விடை மாறாது. ரவுட்டருக்கும் ஒரு முகவரி வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறீர்கள். 14 கணினி என்று ஒருநாள் வினா வரும், அன்று /28 போதாது.

வினா 6. 300 கணினிகள் உள்ள நிறுவனமொன்றை உதாரணமாகக் கொண்டு, வகுப்பு முறை கைவிடப்பட்டதற்கான காரணத்தை விளக்குக.

சி வகுப்பு ஒன்று 254 ஹோஸ்ட்டோடு நின்றுவிடும். பி வகுப்பு கொடுத்தால் 65,234 முகவரிகள் வீண். நடுவில் எதுவும் இல்லை. பலரும் பி கேட்டதால் பி வகுப்பு தீரத் தொடங்கியது. சி வகுப்பாகப் பல துண்டுகள் கொடுத்தால் ரவுட்டர்களின் வழிப்பட்டியல் வீங்கியது. 1993இல் வகுப்பைக் கணக்கில் எடுக்காத சிஐடிஆர் முறை வந்தது. முன்னொட்டின் நீளத்தை /23 என்று எழுதினால் போதும், 510 ஹோஸ்ட்டுகள் கிடைக்கும், 300க்குத் தாராளம். இவ்வளவு எழுதுங்கள், ஐபி பதிப்பு 6 பற்றி இங்கே பக்கம் நிரப்ப வேண்டாம். கேட்கவில்லை.

ஞாயிறு வகுப்புக்கு வரும்போது 5ஆம் வினாவை இப்படி மாற்றிச் செய்து கொண்டு வாருங்கள்: அம்பாறையில் 25 கணினிகள், கொடுக்கப்பட்டது 192.168.40.0/23. மற்றதெல்லாம் அப்படியே. இணைப்புகள் மூன்றும் எந்த முகவரியில் தொடங்குகின்றன என்றும், 192.168.41.0/23 என்று ஒரு வலையமைப்பைத் தொடங்க ஏன் முடியாது என்றும் எழுதி வாருங்கள்.