வெண்டைக் காய்ப்புழுவுக்கு எமாமெக்டின் பென்சோயேட் 5% எஸ்.ஜி. அடிக்கிற முறை

ஒரு ஏக்கராவுக்கு மருந்து 54 கிராமுல இருந்து 68 கிராம் வரைக்கும், தண்ணி 200 லிட்டருங்க. 10 லிட்டர் டேங்குக்கு 2.7 – 3.4 கிராம். 16 லிட்டர் பேட்டரி டேங்குக்கு 4.3 – 5.4 கிராம். இதுக்கு மேல போடக்கூடாதுங்க. மூடிக் கணக்கு, கைக்கணக்கு வேண்டாம். சின்னத் தராசுல நிறுத்துப் போடோணும்.

இந்த மருந்து தின்ன புழு மேயறதை நிறுத்திரும், ஆனா சாக 2 – 4 நாளாகும். மறுநா புழு நெளியறதைப் பாத்துட்டு மருந்து கேக்கலைன்னு மறுக்கா அடிக்கறதுதான் இங்க நடக்கிற பெரிய தப்பு. காய்க்குள்ள போன புழுவை மருந்து எட்டாது. சொத்தைக் காயையும் வாடுன குருத்தையும் அடிக்கறதுக்கு முன்னாலயே கிள்ளி அழிச்சிருங்க.

அடிச்ச 5 நாளைக்குக் காய் பறிக்கக்கூடாதுங்க. வெண்டை ஒருநா விட்டு ஒருநா பறிக்கறது, அதனால இங்கதான் எல்லாரும் வழுக்கறது. பறிக்கிற பக்குவத்துல இருக்கிற காயைப் பூராம் பறிச்சுட்டு அன்னிக்குப் பொழுதோட அடிங்க. 5 நாள்ல முத்துன காயைக் கிள்ளிப் போடோணும், சந்தைக்கு ஏத்தக்கூடாது.

பொழுதுசாய அடிக்கறதுக்குக் காரணம் ரெண்டுங்க: வெயில்ல மருந்து சீக்கிரம் சிதையும், தேனீ பூவுக்கு வர்ற நேரத்துல அடிச்சா தேனீ செத்துரும். மழை வர்ற மாதிரி இருந்தாலும் காத்து பலமா இருந்தாலும் அடிக்காதீங்க. காத்துக்கு எதுத்தாப்புல நின்னு அடிக்கவே கூடாது.

கலக்கறப்பவும் அடிக்கறப்பவும் ரப்பர் கையுறை, முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, பூட்ஸ் போட்டுக்கோங்க. வாளித் தண்ணில மருந்தைப் போட்டுக் குச்சியில கலக்கிட்டு டேங்குல ஊத்துங்க. கையை உட்டுக் கலக்காதீங்க. நாசில் அடைச்சா வாய்ல ஊதக்கூடாது, பழைய பிரஷ்ல தேய்ங்க. அடிக்கறப்ப பீடி, வெத்தலை, சோறு, தண்ணி எதுவும் ஆகாது. முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் குளிச்சுட்டு, துணியைத் தனியாத் தொவைங்க.

மீனுக்கும் இது விஷமுங்க. டேங்கு கழுவுன தண்ணியைக் கெணத்துலயோ வாய்க்கால்லயோ ஊத்தாதீங்க. காலிப் பாக்கெட்டைக் கிழிச்சு, வூட்டுக்கும் தண்ணிக்கும் தள்ளிப் புதைங்க. மிச்ச மருந்தை அதே பாக்கெட்டுல வெச்சுப் பூட்டி வைக்கோணும். கட்டுத்தரைல, அடுப்படில, கொழந்தைங்க கைக்கெட்டற எடத்துல வைக்காதீங்க.

புழு பழகிக்காம இருக்க அடுத்த தடவைக்கு வேற வகை மருந்துக்கு மாத்தோணும். அபாமெக்டின் பேரு வேறன்னாலும் இதே வகைதானுங்க, அதை அடிச்சா மாத்துனதா ஆகாது.

மேலுக்குப் பட்டா சட்டையைக் கழட்டிட்டு சோப்புல கழுவுங்க. கண்ணுல பட்டா 15 நிமிசம் நல்ல தண்ணியை ஊத்திட்டே இருங்க. முழுங்கிட்டா டாக்டர் சொல்லாம வாந்தி எடுக்க வைக்காதீங்க. மயக்கத்துல இருக்கறவங்க வாய்ல எதையும் ஊத்தக்கூடாது. தலைசுத்தல், வாந்தி, நடுக்கம் வந்தாலும் உடனே 108-க்குக் கூப்புடுங்க. இதுக்குன்னு தனி மாத்து மருந்து கெடையாதுங்க. என்ன மருந்துன்னு பாத்துதான் டாக்டர் வைத்தியம் பண்ணோணும், அதனால பாக்கெட்டைக் கையோட கொண்டு போங்க.