டி2 டை பிளேட், பஞ்ச்: ஹீட் ட்ரீட்மென்ட் சைக்கிள் குறிப்பு (தமிழ் வடிவம்)

கஞ்சிக்கோடு டூல் ரூம், மூன்று ஷிப்டுக்கும் பொது. பர்னஸ் பக்கத்துச் சுவரில் ஒட்டுவதற்கும், ஜாப் கார்டுடன் வைத்துக்கொள்வதற்கும்.

எந்த ஜாப்: 1.6 மி.மீ. ஷீட் வெட்டும் பிளாங்கிங் டூல். டி2 டை பிளேட் 180 × 120 × 32 மி.மீ., எடை சுமார் 5.3 கிலோ. அதே மெட்டீரியலில் நான்கு பஞ்ச். டை பிளேட்டுக்கு 58 முதல் 60 எச்.ஆர்.சி., பஞ்சுக்கு 60 முதல் 62.

படிக்கும் முன் சொற்களைப் பற்றி

குவென்ச், டெம்பர் என்ற சொற்களை அப்படியே வைத்திருக்கிறோம். கொல்லுப்பட்டறையில் 'தோய்ச்சல்' என்றால் அதுவே குவென்ச், சிலர் வாயில் அதுவே டெம்பரும். ஐ.டி.ஐ. பாடத்தில் டெம்பரிங் 'பதப்படுத்துதல்'. ஆனால் மொத்த ஹீட் ட்ரீட்மென்டையும் பதப்படுத்துதல் என்று சொல்பவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வந்தால் இங்கே பிளேட் வெடிக்கும். ஆகவே குவென்ச் என்றால் சூட்டிலிருந்து வேகமாக ஆற்றுவது மட்டும். டெம்பர் என்றால் ஆறியதை மறுபடி குறைந்த சூட்டில் வைத்து முறுகலை எடுப்பது மட்டும். இங்கிலீஷ் தாளில் 'டிரா' என்று வந்தாலும் டெம்பர்தான். டிராயிங்கைப் பார்க்கச் சொல்லவில்லை.

'சோக்' என்பதை முன்பு 'ஊற வைத்தல்' என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்தால் கதவை மூடியதிலிருந்து மணி எண்ணத் தோன்றும். சோக் என்பது பர்னஸ் மீட்டர் அல்ல, பிளேட்டின் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டியபின் தொடங்கும் நேரம்.

இங்கிலீஷ் மூலத்தில் உள்ள எண்கள் எல்லாம் பாரன்ஹீட். இங்கே எல்லாமே செல்சியஸ். 1200 என்பது 650, 1560 என்பது 850, 1875 என்பது 1024, 970 என்பது 520. மிகவும் ஆபத்தானது கடைசி வரி: '150-க்கு ஆறியதும் டெம்பர் செய்யவும்'. அது 65 டிகிரி செல்சியஸ். 150 செல்சியஸில் டெம்பருக்குள் தள்ளினால் கடினமாகும் மாற்றம் பாதியில் நிற்கிறது. டி2-வில் அந்த மாற்றம் சுமார் 200 டிகிரிக்குக் கீழே வந்தபிறகே நடக்கிறது, கை சூடு வரும்வரை தொடர்கிறது. பாதியில் டெம்பர் போட்டால் மிச்சம் பின்னால் ஆறும்போது மாறும், அந்தப் பகுதிக்கு டெம்பரே கிடைக்காது. வயர் கட்டில் ஏற்றும்போது விரிசல் வருவதற்கு இது ஒரு காரணம்.

ஷிப்ட் மாறும்போது மலையாளத்தில் 'தணுத்து' என்று சொல்லிவிட்டுப் போனால், எண் கேளுங்கள். சிவப்பு போனாலும் தணுத்துதான், கை வைக்க முடிந்தாலும் தணுத்துதான். ஜாப் கார்டில் டிகிரி எழுதாமல் கைமாற்றக் கூடாது.

பர்னஸில் ஏற்றும் முன்

ரஃப் மெஷினிங் முடிந்ததும் 650 டிகிரியில் 2 மணி நேரம் ஸ்ட்ரெஸ் ரிலீவ், பர்னஸிலேயே ஆறவிடவும். இந்தப் படியைச் செய்யாமல் விட்டால் கட்டர் உள்ளே விட்ட இறுக்கம் ஹார்டனிங்கில் வெளியே வந்து பிளேட் முறுக்கும்.

ஒரு பக்கத்துக்கு 0.25 மி.மீ. கிரைண்டிங் அலவன்ஸ். உள்மூலைகளுக்குக் குறைந்தது 1 மி.மீ. ரேடியஸ். அங்கே அரத்தால் கூராக்காதீர்கள். ஜாப் நம்பரை எழுத்துப் பஞ்சால் விளிம்போரத்தில் அடிக்க வேண்டாம், அந்தப் பள்ளத்திலிருந்து விரிசல் கிளம்பும். விளிம்புக்கு 6 மி.மீ. அருகில் உள்ள திருகு ஓட்டைகளைச் செராமிக் உல் வைத்து அடைக்கவும்.

எண்ணெய், மை, குளிர்நீர் கறை எல்லாம் துடைத்து, ஸ்டெயின்லெஸ் ஃபாயிலில் சுற்றி, ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்து மூடவும். நம்முடையது கேஸ் இல்லாத சாதாரண மஃபிள். ஃபாயில் இல்லாமல் 1020 டிகிரியில் வைத்தால் மேல்தோலின் கார்பன் எரிந்து போகும். பின்னால் ஹார்ட்னஸ் வராது. ஃபாயில் விளிம்பு பிளேடு மாதிரி வெட்டும், தோல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

ஹார்டனிங்

650 வரை மெதுவாக ஏற்றி, பிளேட் முழுக்க அந்தச் சூட்டுக்கு வரும்வரை நிறுத்தவும். பிறகு 850, மறுபடி நிறுத்தம். இந்த இரண்டு படியும் நேரத்தைக் கடத்த அல்ல. 32 மி.மீ. தடிமனில் மேலே விரிந்து நடுவில் விரியாமல் இருந்தால் இழுப்பில் வெடிக்கும்.

850-லிருந்து 1020-க்கு வேகமாக ஏற்றவும். சோக் 30 நிமிடம். ஃபாயிலுக்குள் இருப்பதால் நிறம் பார்த்துச் சொல்ல முடியாது. அதே 32 மி.மீ. தடிமன் கொண்ட டம்மி கட்டையில் நடுவரை துளை போட்டு, அதில் தெர்மோகப்பிள் சொருகி, பிளேட்டுக்குப் பக்கத்தில் வைக்கவும். டம்மி 1010 தொட்ட நிமிடத்தை ஜாப் கார்டில் எழுதுங்கள், சோக் அதிலிருந்து. மீட்டரில் 1020 வந்தபின்னும் டம்மி வெகுநேரம் பின்தங்கி நிற்கும்.

சூடு போதாவிட்டால், அதாவது 970 அளவில் நின்றுவிட்டால், குரோமியம் கார்பைடு கரையாது, கார்பன் வெளியே வராது, ஹார்ட்னஸ் குறையும். கூடுதலாகி 1080 தாண்டினாலும் ஹார்ட்னஸ் குறையும். காரணம் வேறு: கார்பன் அதிகமாகக் கரைந்து, மாறாத ஆஸ்டினைட் நிறைய மிஞ்சிவிடும், மணிகளும் பருக்கும். 'குறைவாக வந்திருக்கிறது, அடுத்த முறை இன்னும் சூடு ஏற்று' என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கரண்ட் போனால்: கதவைத் திறக்காதீர்கள். டம்மி 980-க்குக் கீழே இறங்காமல் மீண்டால், 1010-க்கு மேல் இருந்த நிமிடங்களை மட்டும் கூட்டி 30 ஆக்கவும். 700-க்குக் கீழே போய்விட்டால் அந்த ஹீட்டைத் தொடர வேண்டாம். பர்னஸிலேயே ஆறவிட்டு, அனீல் செய்து புதிதாகத் தொடங்கவும்.

குவென்ச்

டி2-வுக்குக் காற்றே போதும். ஃபாயிலோடு எடுத்து, கம்பி வலை ஸ்டாண்டில் வைத்து, இரு பக்கமும் சமமாகக் காற்று படும்படி ஃபேன். பஞ்சுகளை நிமிர்த்தி நிறுத்தவும். படுக்க வைத்தால் வளையும். சூடான பிளேட்டைத் தரையிலோ சர்ஃபேஸ் பிளேட்டிலோ வைக்கக் கூடாது.

ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் மேற்கு ஷட்டரில் நேராக அடிக்கும். அந்தக் காற்று ஒரு பக்கம் மட்டும் பட்டால், அந்தப் பக்கம் முதலில் கடினமாகி, 180 மி.மீ. நீளத்தில் வில் போல வளையும். 0.25 மி.மீ. அலவன்ஸ் அதற்குப் போதாது. குவென்ச் முடியும்வரை ஷட்டர் மூடியிருக்க வேண்டும், மழைத்தூறலும் உள்ளே வரக் கூடாது.

1020-லிருந்து 550 வரை தாமதிக்காமல் ஆற வேண்டும், பர்னஸ் வாசலில் பேச்சு வேண்டாம். அதன்பின் தானாக 65 டிகிரிக்கு. கான்டாக்ட் தெர்மாமீட்டரால் பாருங்கள். தண்ணீர் துணி, கம்ப்ரஸர் ஊதல் இரண்டும் கூடாது.

இதே ரேக்கில் ஓ.எச்.என்.எஸ். ஜாப் வந்தால் இந்தத் தாள் செல்லாது. அதற்கு 790 முதல் 820, குவென்ச் ஆயிலில், ஃபாயிலைக் கழற்றிய பிறகு. ஆயில் 50 முதல் 70 டிகிரி, ஒரு கிலோ இரும்புக்கு 8 முதல் 10 லிட்டர். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை ஒரு கரண்டி ஆயிலைச் சூடான தகட்டில் விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அந்த டேங்கைத் தொடாதீர்கள். தண்ணீர் பட்ட இடம் மட்டும் வேகமாக ஆறி ஜாப் வெடிக்கும், டேங்க் பொங்கித் தீயும் பிடிக்கும்.

டெம்பர்

65 டிகிரி வந்ததும் உடனே. நாளைக் காலைக்கு, அடுத்த ஷிப்டுக்கு என்று வைக்கக் கூடாது. குவென்ச் ஆன டி2 62 முதல் 64 எச்.ஆர்.சி., கண்ணாடி மாதிரி. மேஜையில் சும்மா இருக்கும்போதே விரிசல் விடும். ஷிப்ட் முடிய மூன்று மணி நேரம்தான் இருந்தால் ஹார்டனிங் தொடங்கவே வேண்டாம்.

டை பிளேட்: 520 டிகிரி, 2 மணி நேரம். வெளியே எடுத்து கை பொறுக்கும் அளவு ஆறவிடவும். மறுபடி 520, 2 மணி நேரம். இரண்டாவது தடவை சம்பிரதாயம் அல்ல. முதல் டெம்பரிலிருந்து ஆறும்போது மிச்ச ஆஸ்டினைட் புதிதாகக் கடினமாகிறது. அந்தப் புதுப்பகுதிக்கு டெம்பர் கிடைப்பது இரண்டாவதில்தான். ஆறாமல் தொடர்ந்து 4 மணி நேரம் வைப்பது இதற்கு ஈடாகாது.

இதற்கு 200 போதாதா என்று கேட்பீர்கள். 60-க்கு மேல் ஹார்ட்னஸ் 200-லும் வரும். ஆனால் இந்தப் பிளேட்டின் நடுவை வயர் கட்டில் வெட்டுகிறோம். உள்ளிருக்கும் இறுக்கம் 520-ல்தான் நன்றாகத் தளரும். 200-ல் நிறுத்திய பிளேட் வயர் பாதி போகும்போது டப்பென்று பிளந்துவிடக் கூடும். பஞ்ச் கிரைண்டிங்கில் உருவாவதால் அதற்கு 200 டிகிரி, 2 மணி நேரம், இரண்டு தடவை.

வயர் கட் முடிந்தபின் வெட்டிய முகத்தில் உருகி உறைந்த மெல்லிய தோல் இருக்கும், அது டெம்பர் ஆகாதது. ஸ்டோனால் தேய்த்து எடுத்து, 500-ல் 2 மணி நேரம் கொடுக்கவும். டெம்பர் செய்த சூட்டைவிட 20 குறைவு, அதனால் ஹார்ட்னஸ் இறங்காது.

டெம்பரில் கரண்ட் போனால் பயமில்லை. 2 மணி நேரத்தை முதலிலிருந்து எண்ணுங்கள்.

ஹார்ட்னஸ் பார்ப்பது

முதலில் 60 அளவுள்ள டெஸ்ட் பிளாக்கில் மிஷினைச் சரிபார்க்கவும். டயமண்ட் கோன், 150 கிலோ லோடு. அளக்கும் இடத்தை 0.1 மி.மீ. ஆவது தேய்த்து, எமரியால் சுத்தம் செய்யவும். அடிப்பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம்: மூன்று இடத்தில் 54, 57, 61 என்று வந்தால் பிளேட் மூன்று விதமாக இருப்பதாக நினைக்காதீர்கள். கீழே ஒட்டியிருக்கும் ஸ்கேல் துகளோ பிசிறோ லோடில் அமுங்குகிறது, அமுங்கிய ஆழத்தையும் மிஷின் பிளேட்டின் கணக்கில் சேர்க்கிறது. ஆன்விலைத் துடைத்து, முதல் அளவை விட்டுவிட்டு, அடுத்த ஐந்தை எழுதவும். இரண்டு குழிக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி, விளிம்பிலிருந்தும் அவ்வளவே.

உண்மையாகவே குறைவாக இருந்தால், முதலில் 0.3 மி.மீ. தேய்த்து மறுபடி பாருங்கள். ஏறினால் மேல்தோலில் கார்பன் போயிருக்கிறது, சைக்கிள் சரி. ஏறாவிட்டால் 520-ல் ஒரு தடவை டெம்பர் கொடுத்துப் பாருங்கள். அதில் ஏறினால் ஹார்டனிங் சூடு கூடுதலாகிவிட்டது, ஆஸ்டினைட் மிஞ்சியிருந்தது. இறங்கினாலோ அப்படியே நின்றாலோ சூடோ சோக்கோ போதவில்லை.

திரும்ப ஹார்டனிங் செய்ய வேண்டி வந்தால் நேராக 1020-க்கு ஏற்றக் கூடாது. 850-ல் அனீல், மணிக்கு 10 டிகிரி வீதம் 650 வரை இறக்கி, அப்புறம் ஆறவிட்டு, மேலே உள்ள முதல் படியிலிருந்து. 200 டிகிரி இறங்கவே 20 மணி நேரம் ஆகும். பிளானிங்குக்கு அன்றே சொல்லிவிடுங்கள்.

ஜாப் கார்டில் எழுத வேண்டியவை: டம்மி 1010 தொட்ட நேரம், பர்னஸிலிருந்து எடுத்த நேரம், 65 டிகிரி வந்த நேரம், இரண்டு டெம்பரின் தொடக்கமும் முடிவும், ஐந்து ஹார்ட்னஸ் அளவுகள். அளவை 'ஓகே' என்று எழுதினால் கார்டு திரும்பி வரும்.