பதுளை ரயிலில் ஐந்து கேள்வி

ஸ்லைட் 1
ஜன்னல் சீட் கிடைத்ததா? சரி, ஆரம்பிக்கலாம். மனதில் ஒரு விடையைச் சொல்லிவிட்டுத் தள்ளுங்கள். முதலில் தள்ளிப் பார்த்துவிட்டு "இது தெரிஞ்சதுதானே" என்பவர்களுக்குப் புள்ளி கிடையாது.

ஸ்லைட் 2
ஜன்னலுக்கு வெளியே எங்கும் தேயிலை. அதற்கு முன் இந்த மலைகளில் எந்தப் பயிர் கொடிகட்டிப் பறந்தது?
கறுவா / கோப்பி / இறப்பர்

ஸ்லைட் 3
கோப்பி.
1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அதைத் தின்று தீர்த்தது. ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார்.

ஸ்லைட் 4
கடையில் வாங்கும் BOP தூளில் O என்றால் 'ஆரஞ்சு'. அதில் தோடம்பழம் எவ்வளவு சேர்க்கிறார்கள்?

ஸ்லைட் 5
ஒரு துளியும் இல்லை.
Broken Orange Pekoe என்பது உடைந்த இலை ரகத்தின் பெயர், அவ்வளவுதான். பிளேன்டீயில் தேசிக்காய் பிழிவது உங்கள் இஷ்டம்.

ஸ்லைட் 6
இலங்கையிலேயே மிக உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம் எது?
நுவரெலியா / பட்டிப்பொல / அப்புத்தளை

ஸ்லைட் 7
பட்டிப்பொல, 1,898 மீட்டர். ஸ்வெட்டரை எடுத்துப் போடுங்கள்.
நுவரெலியா என்றவர்களே, அந்த ஊருக்கு ரயிலே போவதில்லை. நானுஓயாவில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

ஸ்லைட் 8
தெமோதரை ஸ்டேஷனைத் தாண்டி பதுளைக்கு இறங்கும் ரயில், சற்று நேரத்தில் எதற்கு அடியில் போகிறது?

ஸ்லைட் 9
அதே ஸ்டேஷனுக்கு அடியில்!
நேராக இறக்கினால் சரிவு தாங்காது. அதனால் பாதை மலையை ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்டேஷனுக்குக் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது.

ஸ்லைட் 10
கடைசிக் கேள்வி, கொஞ்சம் கனமானது.
தாத்தா இங்கே, அவர் கூடப்பிறந்தவர் தமிழ்நாட்டில். நம் லயங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு இதே கதை. எந்த ஒப்பந்தம் அப்படிப் பிரித்தது? எந்த வருடம்?

ஸ்லைட் 11
சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1964.
1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப் போன நம் சனத்தை இரண்டு அரசுகள் எண்ணிக்கையாகப் பங்குபோட்டன. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே. மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை "பிறகு பார்ப்போம்" என்று ஒதுக்கி, 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். போகிறாயா, இருக்கிறாயா என்று அந்தத் தாத்தாமாரை உட்கார வைத்துக் கேட்டு எழுதிய ஒப்பந்தம் இல்லை இது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் இங்கே நாடற்றவர்களாகவே மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் குடியுரிமை கிடைத்தது.

ஸ்லைட் 12
பதுளை வந்தாச்சு, இறங்குங்கள்!
ஐந்துக்கு எத்தனை? கொமென்ட்டில் எண்ணை மட்டும் போடுங்கள். விடையை எழுதிவிடாதீர்கள், பின்னால் வருகிறவர்கள் பாவம்.